போனில் படங்களையும் சாட்டையும் பூட்டுவது எப்படி? பின் நம்பர் மறந்தால் என்ன ஆகும்?

பூட்டி வைத்த படங்கள் பின் நம்பர் மறந்தால் திரும்பக் கிடைக்குமா என்று மறந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் தேடுகிறார்கள். அதற்கான பதில் பூட்டிய அன்றைக்கே முடிவாகியிருக்கும். எந்த ஆப்பில் பூட்டினீர்கள், அது திறக்க எதைக் கேட்கிறது, மறந்தால் வேறு வழி வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் திறந்துவிடும். இன்னொருவருக்கு அந்த ஆப்பை உருவாக்கிய கம்பெனியே நினைத்தாலும் திறக்காது. அதனால் பூட்டும் முறையையும் மறந்தால் நடப்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பெரும்பகுதி ஆண்ட்ராய்டு போனுக்கானது. ஐபோன் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

மறைக்க வேண்டிய படம் என்றதும் ஒரே மாதிரி படத்தைத்தான் பலரும் நினைக்கிறார்கள். டாக்டருக்கு அனுப்ப எடுத்த தோல் அலர்ஜிப் படம், ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல், வீட்டுப் பத்திரம், குளிக்கும் குழந்தையின் படம், வேலை மாறுவது பற்றி நண்பரிடம் பேசிய சாட் என எல்லாமே இதில் வரும். இவற்றை மறைக்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் போன் லாக் யாருக்கெல்லாம் தெரியும்?

எந்த ஆப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். நம் வீடுகளில் போனின் பேட்டர்ன் குழந்தைகளுக்குத் தெரியும், கணவருக்கோ மனைவிக்கோ தெரியும், பல சமயம் அவர்கள் கைரேகையும் அதில் பதிவாகியிருக்கும். ஆனால் ஆப் பூட்டுகளில் ஒரு பெரிய வகை, போனின் ஸ்கிரீன் லாக்கையே சாவியாக வைத்துக்கொள்கிறது. கூகுள் போட்டோஸின் பூட்டிய ஃபோல்டர் அப்படித்தான். வாட்ஸ்அப்பின் சாட் லாக்கும் தொடக்கத்தில் அப்படித்தான். வீட்டுச் சாவி தொங்கும் அதே ஆணியில் பீரோ சாவியையும் மாட்டி வைப்பது போல இது. வெளியாள் போனை எடுத்தால் பாதுகாப்பு. வீட்டுக்குள் இருப்பவரிடம் பாதுகாப்பு இல்லை.

இன்னொரு வகை, தனக்கென்று தனி பின் நம்பர் கேட்கும். வீட்டில் உள்ளவர்கள் போனைத் திறந்தாலும் உள்ளே போக முடியாது. ஆனால் மறந்தால் இழக்கும் ஆபத்தும் இந்த வகையில்தான் இருக்கிறது. ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டியிருக்கிறது.

என் யோசனை இது. போன் லாக் உங்களுக்கு மட்டும் தெரியும் என்றால் முதல் வகையே போதும். தனி பின் நம்பரே வேண்டாம். மற்றவர்களுக்கும் தெரியும் என்றால், முடிந்தவரை போன் லாக்கையே மாற்றப் பாருங்கள். அப்படி மாற்றும்போது கைரேகைகளையும் பார்க்க வேண்டும். போன் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் கைரேகைப் பட்டியல் இருக்கும். நீங்கள் இரண்டு விரல் வைத்திருக்க, பட்டியலில் நான்கு இருந்தால் மற்ற இரண்டு வேறொருவருடையவை. பல போன்களில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு விரலை வைத்தால், உங்களுடைய வரி மட்டும் மின்னும். மின்னாதவற்றை நீக்கிவிடலாம். வீட்டுச் சூழ்நிலையில் போன் லாக்கை மாற்ற முடியாதவர்களுக்குத்தான் தனி பின் நம்பர்.

கூகுள் போட்டோஸில் பூட்டுவது

கூகுள் போட்டோஸைத் திறந்து Collections பகுதிக்குப் போனால் Locked என்று இருக்கும். முதல் தடவை அதை அமைக்கச் சொல்லும். போனுக்கு ஸ்கிரீன் லாக் இல்லையென்றால் முதலில் அதை வைக்கச் சொல்லும். அப்புறம் எந்தப் படத்தையும் திறந்து, மெனுவில் Move to Locked folder என்பதைத் தொட்டால் உள்ளே போய்விடும். கேலரியிலும் தேடலிலும் அது வராது. உள்ளே ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் பேக்அப். பூட்டிய ஃபோல்டருக்கு என்று தனியாக ஒரு பேக்அப் சுவிட்ச் இருக்கிறது. சாதாரணப் படங்களுக்கு பேக்அப் ஓடுகிறது என்பதால் இதற்கும் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. இந்த சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஒரு படத்தை உள்ளே நகர்த்தினால், கூகுள் அக்கவுண்டில் ஏற்கெனவே இருந்த அதன் நகலும் நீக்கப்படும். இனி அந்தப் படம் உலகத்தில் அந்த ஒரு போனில் மட்டும்தான் இருக்கும். போன் தொலைந்தாலோ, ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலோ, ஆப்பின் டேட்டாவை அழித்தாலோ படம் போய்விடும். சுவிட்சை ஆன் செய்திருந்தால், புதுப் போனில் அதே கூகுள் அக்கவுண்டில் நுழைந்து திரும்பப் பார்க்கலாம்.

ஒரேயொரு படத்தை உள்ளே நகர்த்துங்கள், உடனே Locked பகுதிக்குள் போய் பேக்அப் ஆன் என்று இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மீதியை நகர்த்துங்கள். முந்நூறு படத்தை மொத்தமாகத் தள்ளிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம்.

இங்கே மறக்கக்கூடியது போனின் ஸ்கிரீன் லாக் தான். தினமும் பயன்படுத்தும் நம்பர் எப்படி மறக்கும் என்று தோன்றும். கைரேகையிலேயே திறந்து பழகியவர்களுக்கு மறக்கும். போனை அணைத்து ஆன் செய்தால் முதல் தடவை ஆண்ட்ராய்டு பின் நம்பரைத்தான் கேட்கும், கைரேகையை ஏற்காது. அது உண்மையிலேயே மறந்துவிட்டால், பெரும்பாலான போன்களில் எல்லாவற்றையும் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்வதைத் தவிர வழியில்லை. பேக்அப் ஆகாத எதுவும் அதோடு போய்விடும். அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது விரலை விட்டுவிட்டு நம்பரைத் தட்டித் திறக்கும் பழக்கம் நல்லது.

வாட்ஸ்அப்பில் சாட்டைப் பூட்டுவது

சாட்டைத் திறந்து, மேலே இருக்கும் பெயரைத் தொட்டு, கீழே போனால் Chat lock இருக்கும். அதை ஆன் செய்தால் அந்த சாட் வழக்கமான பட்டியலிலிருந்து விலகி, Locked chats என்ற ஃபோல்டருக்குள் போகும். சாட் பட்டியலைக் கீழே இழுத்தால் அந்த ஃபோல்டர் தெரியும். கைரேகை அல்லது போன் லாக் போட்டுத் திறக்கலாம். புதுச் செய்தி வந்தால் பெயரோ வாசகமோ நோட்டிஃபிகேஷனில் தெரியாது. ஆனால் அந்த நபர் கால் செய்தால் வழக்கம்போல் பெயரோடு ரிங் ஆகும். பலர் இதை எதிர்பார்ப்பதில்லை.

சரி, இந்த ஃபோல்டர் இருப்பதே தெரியக்கூடாது என்றால்? ஃபோல்டருக்குள் போய், மூன்று புள்ளி மெனுவில் Chat lock settings திறந்து, Hide locked chats என்பதை ஆன் செய்து ஒரு Secret code வைக்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த வசதி இது. எழுத்து, எண், எமோஜி எதுவும் கலந்து வைக்கலாம். அதன்பின் ஃபோல்டர் கண்ணுக்கே தெரியாது. சாட் பட்டியலின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அந்தக் கோடைத் தட்டினால் மட்டுமே வெளிவரும். போன் லாக் தெரிந்த வீட்டு ஆளிடமிருந்து சாட்டைக் காப்பது இந்த இரண்டாவது அடுக்குதான்.

மறந்தால் என்ன ஆகும் என்பது இங்கே மிகக் கடுமை. வாட்ஸ்அப்பின் Settings, அதில் Privacy, அதில் Chat lock போனால் Unlock and clear locked chats என்று ஒரு வரி இருக்கும். முதல் சொல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திறக்கும் வழி என்று பலரும் தொட்டுவிடுகிறார்கள். அது சாட்டை வெளியே கொண்டுவரும், அதே நேரம் உள்ளிருந்த செய்திகள், படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் அழித்துவிடும். காலியான சாட்தான் கையில் கிடைக்கும்.

அதனால் அந்த வரியைத் தொடும் முன் கோடைக் கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள். தேடல் பெட்டியில் தவறாகத் தட்டினால் ஒன்றும் ஆகாது, ஃபோல்டர் வராது, அவ்வளவுதான். கோட் வைத்தபோது கீபோர்டு தமிழில் இருந்ததா ஆங்கிலத்தில் இருந்ததா, முதல் எழுத்தை கீபோர்டு தானாகப் பெரிய எழுத்தாக மாற்றியதா, கடைசியில் ஒரு இடைவெளி விழுந்ததா, எமோஜி வைத்திருந்தால் தோல் நிறம் மாறிய எமோஜியா என்று ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். எதுவுமே பலிக்காவிட்டால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடம் அந்த சாட் அப்படியே இருக்கும். அவர் நம்பிக்கையானவர் என்றால் முக்கியமான செய்திகளையும் படங்களையும் அவரிடம் கேட்டு வாங்கலாம். அதன்பிறகு அழிக்கலாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வாட்ஸ்அப் அவ்வப்போது ஆறு இலக்க பின் நம்பர் ஒன்றைக் கேட்கும். அது சாட்டைப் பூட்டுவதற்கானது இல்லை. உங்கள் நம்பரில் வேறு யாரும் வாட்ஸ்அப் தொடங்காமல் தடுக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு. அது மறந்தால் சாட் அழியாது. வாட்ஸ்அப் திறந்திருக்கும் நிலையில் Settings, Account, Two-step verification போய் புது நம்பர் வைத்துக்கொள்ளலாம். புதுப் போனில் நுழையும்போது மறந்து, ஈமெயிலும் கொடுத்திருக்கவில்லை என்றால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

தனி பின் நம்பர் கேட்கும் பூட்டுகள்

இதில் மூன்று விதம் இருக்கிறது, மறந்தால் மூன்றும் மூன்று விதமாக முடியும்.

சாம்சங் போனில் இருக்கும் செக்யூர் ஃபோல்டர் போனுக்குள் இன்னொரு போன் மாதிரி. படம் மட்டுமில்லை, இன்னொரு வாட்ஸ்அப், இன்னொரு கேலரி எல்லாம் உள்ளே வைக்கலாம். அமைக்கும்போது சாம்சங் அக்கவுண்ட் மூலம் பின் நம்பரை மாற்ற அனுமதிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தவருக்கு, மறந்தபோது அக்கவுண்ட் பாஸ்வேர்டு போட்டு புது நம்பர் வைத்துக்கொள்ளும் வழி கிடைக்கும். ஆன் செய்யாதவருக்கு அந்த வழி கிடைக்காது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் செக்யூர் ஃபோல்டர் செட்டிங்ஸில் Lock type பகுதியை இன்றைக்கே போய்ப் பாருங்கள். அந்த சாம்சங் அக்கவுண்டின் ஈமெயிலும் பாஸ்வேர்டும் நினைவிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஃபைல்ஸ் பை கூகுள் ஆப்பில் Safe folder இருக்கிறது. நான்கு இலக்க நம்பரோ பேட்டர்னோ வைத்து அமைக்கலாம். அது ஃபைல்களை உண்மையாகவே என்க்ரிப்ட் செய்கிறது, அதாவது பூட்டைத் திறக்காமல் யாராலும் படிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. மறந்தால் மீட்க எந்த வழியும் வைக்கவில்லை. கூகுள் அக்கவுண்ட் பாஸ்வேர்டு தெரிந்தாலும் பயனில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பின்வாசல் இல்லாத பூட்டு வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல பூட்டு. ஆனால் ஒரே நகலாக இருக்கும் படத்தை இதில் வைக்காதீர்கள்.

மூன்றாவது, பிளே ஸ்டோரில் கிடைக்கும் வால்ட் ஆப்கள். கால்குலேட்டர் போலத் தோன்றி, நம்பர் தட்டினால் படங்களைத் திறக்கும் வகை இதில் பிரபலம். இவற்றில் தரம் ஒரே சீராக இல்லை. சில நிஜமாகவே என்க்ரிப்ட் செய்கின்றன. சில, படத்தின் பெயரை மட்டும் மாற்றி, புள்ளியில் தொடங்கும் ஒரு ஃபோல்டரில் ஒளித்து வைக்கின்றன. புள்ளியில் தொடங்கும் ஃபோல்டரை கேலரி காட்டாது, அவ்வளவுதான் அந்தப் பாதுகாப்பு. எனக்கு இவற்றில் நம்பிக்கை குறைவு. போனிலேயே இருக்கும் வசதி போதாதபோது மட்டும் இதற்கு வாருங்கள்.

வந்தால் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். தேவையில்லாத ஒரு படத்தை, சுவரைப் படம் எடுத்தது போதும், அதில் பூட்டுங்கள். பின் நம்பர் மறந்ததுபோல நடித்து, Forgot என்பதைத் தொட்டு என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஈமெயில் கேட்டால் அந்த மெயில் நிஜமாகவே வருகிறதா, இப்போது நீங்கள் திறக்கும் முகவரிக்கு வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள். படம் திரும்பி வந்ததா? பெரும்பாலும் வராது. ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்பை நீக்கினால் அதன் சொந்த ஃபோல்டரும் சேர்ந்து அழியும். இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் ஆகும். சுவர்ப் படம் போனால் நஷ்டமில்லை.

என் உறவுக்காரப் பெண் ஒருவர் கால்குலேட்டர் வால்ட் ஒன்றில் பிரசவ காலப் படங்களையும் மருத்துவமனை ரிப்போர்ட்டுகளையும் வைத்திருந்தார். குழந்தை பிறந்த பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மாதங்கள் கழித்துத் திறக்கப்போனால் நம்பர் நினைவில்லை. ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டால் புது நம்பர் கேட்குமே என்று அவர் நினைத்திருந்தார். நல்லவேளை, அதைச் செய்யும் முன் கேட்டார். Forgot தொட்டபோது மெயில் அனுப்பியதாகச் சொன்னது, இன்பாக்ஸில் எதுவும் இல்லை. அவர் ஆப்பை அமைத்தபோது கொடுத்தது கல்லூரிக் காலத்து முகவரி. அந்த முகவரியின் பாஸ்வேர்டும் மறந்திருந்தது, ஆனால் அதில் அப்பாவின் செல் நம்பர் இணைக்கப்பட்டிருந்தது. அப்பாவுக்கு வந்த ஓடிபியை வைத்து முதலில் மெயிலைத் திறந்தோம். ஸ்பேம் ஃபோல்டரில் மெயில் இருந்தது. உள்ளே போனதும் முதல் வேலையாக எல்லாப் படத்தையும் வெளியே எடுத்து கூகுள் போட்டோஸின் பூட்டிய ஃபோல்டருக்கு மாற்றி, பேக்அப் முடிந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த வால்ட்டை நீக்கினோம்.

மறந்துவிட்டது, இப்போது என்ன செய்வது

நம்பர் மறந்ததால் படம் அழிவதில்லை. மறந்த பதற்றத்தில் செய்யும் காரியங்களால்தான் அழிகிறது. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். Clear storage தொடாதீர்கள். க்ளீனர் ஆப் எதையும் ஓட விடாதீர்கள். ஃபேக்டரி ரீசெட் பேச்சே வேண்டாம். போனை அணைத்து ஆன் செய்யவும் வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

1. முதலில் கைரேகையோ முகமோ இன்னும் திறக்கிறதா என்று பாருங்கள். நம்பர் மறந்திருந்தாலும் விரல் வேலை செய்தால் நீங்கள் தப்பித்தீர்கள். உள்ளே போய் உடனே எல்லாவற்றையும் வெளியே நகர்த்துங்கள். போனை ரீஸ்டார்ட் செய்தால் செக்யூர் ஃபோல்டர் போன்றவை விரலை ஏற்காமல் நம்பரையே கேட்கும். நம்பரைக் கேட்காமலே இருக்கப்போவதில்லை, சில நாளில் தானாகவும் கேட்கும். அதனால் இதை நாளைக்குத் தள்ள வேண்டாம்.

2. விரல் வேலை செய்யவில்லை என்றால் தவறான நம்பரை வேகமாகத் தட்டிக்கொண்டே போகாதீர்கள். பல பூட்டுகள் தவறு கூடக்கூட அதிக நேரம் காக்க வைக்கும். ஒரு தாளில் சாத்தியமான நம்பர்களை எழுதி, முயன்றதை அடித்துக்கொண்டே வாருங்கள்.

3. Forgot இருந்தால் அது கேட்கும் ஈமெயில், அக்கவுண்ட், பாதுகாப்புக் கேள்வி எதுவோ அதைத் துரத்துங்கள். கேள்விக்கான பதிலைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும், ஊர்ப் பெயரென்றால் வேறு வேறு எழுத்துக்கூட்டலிலும் முயலுங்கள்.

4. அதே படம் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அந்த சாட்டில் இருக்கும். பழைய போன், கம்ப்யூட்டர், மெயில், மெமரி கார்டு, கூகுள் போட்டோஸின் ட்ராஷ் எல்லாவற்றையும் பாருங்கள். பேக்அப் ஆன படம் ட்ராஷில் 60 நாள் இருக்கும்.

வால்ட் ஆப் வைத்திருந்தவர்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. ஃபைல்ஸ் பை கூகுளின் செட்டிங்ஸில் Show hidden files ஆன் செய்து, இன்டர்னல் ஸ்டோரேஜில் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று எம்பி அளவில், விசித்திரப் பெயரோடு ஃபைல்கள் இருந்தால் ஒன்றை நகல் எடுத்து, நகலின் பெயர் முடிவில் .jpg சேர்த்துத் திறந்து பாருங்கள். படம் தெரிந்தால் அது வெறும் ஒளித்தல்தான். அனைத்தையும் அப்படியே எடுத்துவிடலாம். திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது. மூல ஃபைலின் பெயரை மாற்றாதீர்கள், நகலில் மட்டும் முயலுங்கள்.

என்க்ரிப்ட் ஆன ஃபைலுக்கு நம்பரும் இல்லை, மீட்பு வழியும் இல்லை என்றால் அங்கே நின்றுவிட வேண்டும். எந்த வால்ட்டையும் உடைத்துத் தருவதாகச் சொல்லும் வீடியோக்களும் மென்பொருள்களும் நிறைய உண்டு. அவை கேட்கும் அனுமதிகளைக் கொடுத்தால், பூட்டியதைத் திறக்காமல் பூட்டாததையும் எடுத்துக்கொண்டு போகும். யாரோ ஒருவரிடம் போனைத் திறந்து கொடுத்துவிட்டு வருவதும் அதே மாதிரிதான். மறைக்க நினைத்த படத்தை முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருப்பார்.

நம்பரை எங்கே எழுதி வைப்பது

எழுதவே கூடாது என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அடிக்கடி திறக்காத பூட்டின் நம்பர் மறக்கத்தான் செய்யும். அதே போனின் நோட்ஸில் எழுதினால் போன் லாக் தெரிந்தவர் படித்துவிடுவார். தாளில் எழுதுங்கள், இது எதற்கான நம்பர் என்று மட்டும் எழுதாதீர்கள். பாலிசிப் பத்திரம் வைக்கும் ஃபைலில், ஒரு பழைய பில்லின் பின்னால், வேறு எண்களோடு கலந்து இருந்தால் போதும். பிறந்த தேதி, வண்டி நம்பர், கல்யாண நாள் வேண்டாம். வீட்டில் உள்ளவர் முதலில் முயல்வது அவைதான்.

ஐபோனில்

படத்தைத் திறந்து மெனுவில் Hide தொட்டால் Hidden ஆல்பத்துக்குப் போகும். ஐஓஎஸ் 16 முதல் அந்த ஆல்பம் முகம், கைரேகை அல்லது போன் பாஸ்கோடு கேட்டுத்தான் திறக்கும். அதற்குத் தனி நம்பர் கிடையாது, அதனால் தனியாக மறக்கவும் வழியில்லை. பாஸ்கோடு தெரிந்தவர் பார்க்க முடியும் என்பது இங்கேயும் உண்டு. ஐஓஎஸ் 18 முதல், ஒரு ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து முழு ஆப்பையும் பூட்டலாம். நோட்ஸ் ஆப்பில் தனிப் பாஸ்வேர்டு வைத்துப் பூட்டிய குறிப்புக்கு மட்டும் அதை மறந்தால் ஆப்பிளால் உதவ முடியாது. போன் பாஸ்கோடையே அதற்கும் வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கிறது, அது நல்லது.

போன் மாற்றும்போது

நம்பர் நன்றாக நினைவிருந்தும் படங்களை இழப்பது இங்கேதான். புதுப் போனுக்கு டேட்டா மாற்றும்போது வால்ட்டும் சேர்ந்து வரும் என்று நினைக்கிறார்கள். ஆப் வரும், அதே நம்பர் போட்டால் திறக்கவும் செய்யலாம், உள்ளே காலியாக இருக்கும். அதனால் மாற்றும் முன், பூட்டிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் படங்களை வெளியே எடுங்கள், அல்லது பேக்அப் முடிந்ததா என்று பாருங்கள். வாட்ஸ்அப் பேக்அப்புக்குத் தனிப் பாஸ்வேர்டு வைத்திருந்தால், பழைய போன் கையில் இருக்கும்போதே அதைப் புதிதாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். புதுப் போனில் எல்லாம் வந்ததும் எண்ணிக்கையை ஒப்பிட்டு, ஒன்றிரண்டு வீடியோக்களைக் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய போனை ரீசெட் செய்வதும் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதும் அதற்கு அப்புறம்.